ஒரு ‘க்கு’வும் கடைசிப் பக்கமும்

சித்தூர்
28-7-1997, திங்கள்

அன்புள்ள தம்பி ஏகாம்பரத்துக்கு,

நீ போனை வைத்த வேகத்தில் என் காது அடைத்துக்கொண்டது. இந்த விஷயத்தை இனிமேல் போனில் பேச வேண்டாம். நீ கத்துவாய், நான் அதைவிடக் கத்துவேன், பக்கத்து மேசையில் டைப் அடிக்கும் ஹரிதா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்பாள். எழுதினால் இரண்டு பேருக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். நம் பத்திரிகையின் விளம்பரக் கவரை எந்த பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறாயோ, அவரிடமே பதிலையும் கொடு.

என் பேச்சை முழுதாகக் கேட்காமல் வைத்துவிட்டாய். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

பாலசமுத்திரத்தில் செங்கம்மா என்று ஒரு பெண். இரண்டு வருஷத்துக்கு முன் திருப்பதி ஆனந்தஜோதி ஓவர்சீஸ் மூலமாக குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். அனுப்பியது அதன் முதலாளி, உன் சிட்டிபாபுதான். பத்தாவது தேறாதவர்கள் அங்கே வேலைக்குப் போவதானால், சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் வேலை ஒப்பந்தத்தைக் காட்டி, பாஸ்போர்ட்டில் அனுமதி ஸ்டாம்பு வாங்க வேண்டும். அது இருந்தால்தான் அங்கே ஏதாவது நடந்தால் கேட்க ஆள் உண்டு. செங்கம்மாவை டூரிஸ்ட் மாதிரி விசிட் விசாவில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். ஸ்டாம்பும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. எட்டு மாதம் சம்பளம் தராமல் ஒரு வீட்டில் பூட்டிவைத்திருக்கிறார்கள். தப்பித்து நம் தூதரகத்துக்குப் போனால், காகிதம் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். நம் விஜயபுரம் நிருபர் சிரஞ்சீவி அவளிடமும் திரும்பி வந்த இன்னும் இரண்டு பேரிடமும் வாக்குமூலம் எழுதி வாங்கி, படித்துக் காட்டி, கையெழுத்தும் வாங்கியிருக்கிறான். மூன்று பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸும் என் மேசையில் இருக்கிறது. ஒன்றில்கூட ஸ்டாம்பு இல்லை.

இதோடு முடிந்திருந்தால் நிதானமாக எழுதலாம். ஆனால் அதே சிட்டிபாபு விஜயபுரம் பக்கத்திலிருந்து பதினொரு பெண்களை ஆகஸ்டு பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சென்னையில் விமானம் ஏற்றப் போகிறார். டிக்கெட்டுகளைச் சிரஞ்சீவி கண்ணால் பார்த்தான். அவர்களுக்கும் விசிட் விசாதான்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். ஆனந்தஜோதி விளம்பரத்தின் அடியில் ஒரு அரசாங்கப் பதிவு எண் போடுகிறோமே, அந்தப் பதிவுச் சான்றிதழின் நகல் உன் ஃபைலில் இருக்கும். அனுப்பு. நான் அவருக்குக் கேள்விகள் அனுப்பும் வரை அவரிடம் வாய் திறக்காதே.

அக்கா,
பத்மாவதி

*

திருப்பதி
30-7-97

அக்காவுக்கு,

‘உன் சிட்டிபாபு’ என்று எழுதியிருக்கிறாய். அவர் எப்போது என் சிட்டிபாபு ஆனார்? ‘எல்லை முரசு’ பன்னிரண்டு பக்கத்திலிருந்து பதினாறு பக்கம் ஆனபோது நம் சிட்டிபாபு. கடைசிப் பக்கம் கலரில் வந்தபோது நம் சிட்டிபாபு. இப்போது மட்டும் என் சிட்டிபாபு!

கொஞ்சம் யோசித்துப் பார். ஆந்திராவில் தமிழ்ப் பத்திரிகை நடத்துகிறோம். தெலுங்குப் பேப்பர்களுக்கு முன்னால் நம்மை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஏழு வருஷமாக இந்தத் திருப்பதியில் பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, டிராவல்ஸ் என்று ஒவ்வொரு படியாக ஏறி இறங்கி, “சார், பார்டர் கிராமத்துல நம்ம பேப்பர்தான் படிக்கிறாங்கோ” என்று சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. வருஷம் ஐம்பத்திரண்டு வாரமும் கடைசிப் பக்கத்தை எடுத்துக்கொள்ளும் ஆள் இந்த ஜில்லாவிலேயே இவர் ஒருத்தர்தான். சில்லறை விளம்பரத்தில் பேப்பர் வாங்குகிறோம், பிளேட் போடுகிறோம். அங்கேயும் இங்கேயுமாக ஒன்பது பேருக்குச் சம்பளம் வருவது அந்த ஒரு பக்கத்தில்.

இதில் பதினாலாம் தேதி சுதந்திரப் பொன்விழா மலர். இருபத்து நான்கு பக்கம். சிட்டிபாபு கடைசிப் பக்கம் கேட்டிருக்கிறார், அடுத்த வருஷ ஒப்பந்தத்தையும் அன்றைக்கே புதுப்பிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவரைப் பார்த்துத்தான் அவருடைய மச்சானின் நகைக்கடையும் சகலையின் லாட்ஜும் விளம்பரம் தருகின்றன. ஒரு கல்லை உருவினால் சுவரே சரியும்.

போடாதே என்று நான் சொல்லவில்லை. இருபத்தொன்றாம் தேதி இதழில் போடு. மலர் வெளியே போகட்டும், ஒப்பந்தத்தில் கையெழுத்து விழட்டும். ஒரு வாரம்தானே. ரெண்டு வருஷம் பொறுத்த செய்தி இன்னும் ஏழு நாள் பொறுக்காதா? வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வானேன்?

நீ மெட்ராஸில் பெரிய பேப்பரில் உட்கார்ந்து பழகியவள். அங்கே விளம்பரக்காரன் மாடியில் இருப்பான், ஆசிரியர் குழு கீழே இருக்கும், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டியதில்லை. இங்கே நான் தெருவில் நடந்தால் எதிரே சிட்டிபாபுதான் வருகிறார்.

சான்றிதழ் நகல் கேட்டாய். ஃபைலில் இல்லை. எண்ணை அவர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார், நான் போட்டேன். போட்டதெல்லாம் சரிபார்த்தா போட்டோம்? பாத்திரக்கடைக்காரர் ‘சுத்தப் பித்தளை’ என்கிறார், உரசியா பார்த்தோம்?

ஏகாம்பரம்

*

சித்தூர்
2-8-97

அன்புள்ள தம்பிக்கு,

பித்தளைக் குடம் ஓட்டையாக இருந்தால் தண்ணீர்தான் போகும்.

சென்னை அலுவலகத்துக்கு அந்தப் பதிவு எண்ணை எழுதி, இது யாருடையது என்று கேட்டிருந்தேன். நேற்று ஃபாக்ஸில் பதில் வந்தது. அந்த எண் பம்பாயில் ஒரு கம்பெனியுடையது. அதன் பதிவும் போன வருஷமே முடிந்துபோயிற்று. ஆனந்தஜோதி என்ற பெயரே அவர்கள் பட்டியலில் இல்லை. அப்படியென்றால் ரெண்டு வருஷமாக நாம் வாராவாரம் ஒரு பொய் எண்ணைக் கலரில் அச்சடித்திருக்கிறோம். உன்னை மட்டும் சொல்லவில்லை. கடைசிப் பக்கத்தை நான் ஒருநாளும் படித்ததே கிடையாது. கட்டம் நிறைந்ததா என்று மட்டும் பார்த்தேன்.

சிட்டிபாபுவுக்கு ஐந்து கேள்விகளை ஒப்புகை அட்டையோடு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். ஒன்பதாம் தேதிக்குள் பதில் தந்தால் முழுதாகப் போடுகிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். அவர் என்ன சொன்னாலும் அவர் பக்கமும் வர வேண்டும்.

இனி எழுதப் போவது உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

நான் செய்தியை எழுதி முடித்து வக்கீல் நாகபூஷணத்திடம் காட்டினேன். சிவப்பு மையில் பத்து இடத்தில் அடித்தார். தலைப்பில் ‘மோசடி’ என்று போட்டிருந்தேன், எடுக்கச் சொன்னார். “மோசடின்னு ஜட்ஜ் சொல்லட்டும்மா, நீங்க நடந்ததை மட்டும் சொல்லுங்க” என்றார். ‘கூறப்படுகிறது’ என்று போட்ட இடங்களைப் பார்த்துச் சிரித்தார். ஒருத்தர் சொன்னதை நாம் திருப்பிச் சொன்னாலும் நாம் சொன்னதாகத்தான் கோர்ட்டில் எடுத்துக்கொள்வார்களாம். அந்தச் சொல் குடையாகாது, ஆதாரம்தான் குடை.

கடைசியில் ஒரு இடத்தில் நின்றுவிட்டார். செங்கம்மா ஸ்டாம்பைப் பற்றிக் கேட்டதற்கு, ‘ஸ்டாம்புக்கு அவசரமில்லை’ என்று சிட்டிபாபு சொன்னதாக எழுதியிருக்கிறேன். மற்ற இரண்டு பேரும் அதையேதான் சொல்கிறார்கள். “பிறகு வாங்கிக்கலாம்னு சொல்லியிருக்கார். அப்ப இது அலட்சியம். வேணும்னே சட்டத்தை மீறினார்னு இதை வெச்சு நிக்க முடியாது. பதினொரு பேருக்கும் புறப்படறதுக்குள்ள வாங்கித்தரப்போறேன்னு சொல்லிட்டா உங்க செய்தி என்ன ஆகும்?” என்றார்.

பதிவு எண் பொய் என்பது நிற்கும். ஆனால் ஒரு கம்பெனி வேறொரு கம்பெனியின் எண்ணைப் போட்டது என்பது உள்பக்கத்துச் செய்தி. உண்மையைச் சொல்கிறேன், வக்கீல் அப்படிச் சொன்னதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஹரிதாவுக்குப் போன மாதம்தான் சம்பளம் உயர்த்தினேன். மலர் நின்றுபோனால் யாரிடம் போய் நிற்பேன் என்று நானும் கணக்குப் போட்டேன்.

ஆகவே இப்போதைய முடிவு இது: ஐந்தாம் பக்கத்தில், இரண்டு பத்தி அகலத்தில், பதிவு எண் விஷயம் மட்டும். அதையும் இருபத்தொன்றாம் தேதிக்கு வைத்துக்கொள்ளலாம். நீ கேட்டது கிடைத்துவிட்டது.

செய்தியின் நகலையும் மூன்று வாக்குமூலங்களின் நகலையும் இதில் வைத்திருக்கிறேன். படித்துவிட்டுத் திருப்பி அனுப்பு.

அக்கா

*

திருப்பதி
6-8-97

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே சிட்டிபாபு ஆபீசுக்கு வந்தார். கையில் உன் ரிஜிஸ்தர் கவர், இன்னொரு கையில் ஸ்வீட் டப்பா. கோபமே இல்லை.

“ஏகாம்பரம், அக்காகாரு ஏதோ அஞ்சு கொஸ்டின் அனுப்பிக்கிறாங்கோ. பர்வாலேது. அவுங்க ட்யூட்டி. உள் பக்கத்துல நாலு வரி போட்டுக்கச் சொல்லு, நான் ஒண்ணும் தப்பா அனுகோன். மலருக்கு நம்ம டிசைன் ரெடி, இந்தா. அக்ரிமெண்ட்டும் கொண்டாந்துகிறேன்.”

கலர் டிசைனையும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் கேட்டது எல்லாம் ஒரே நாளில் வந்து சேர்ந்துவிட்டது. ஸ்வீட்டைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தேன். நானும் ஒன்று சாப்பிட்டேன்.

அப்புறம் உன் கவரைப் பிரித்து செங்கம்மா வாக்குமூலத்தைப் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

அக்கா, சிரஞ்சீவி எழுதியிருப்பது என்ன? ‘ஸ்டாம்பு அவசரம் இல்லம்மான்னு சொன்னாரு.’ நீ எழுதியிருப்பது என்ன? ‘ஸ்டாம்புக்கு அவசரமில்லை.’ ஒரு ‘க்கு’ சேர்த்திருக்கிறாய். கிராமத்துப் பெண்ணின் தமிழைச் சுத்தம் செய்திருக்கிறாய்.

ஆறு வயதில் உன்னைப் பெரியம்மா வீட்டுக்கு மெட்ராஸ் அனுப்பிவிட்டார்கள். நான் நகரியில் தெலுங்கு மீடியத்தில் படித்தவன். உனக்கு அவசரம் என்றால் ஓட்டம். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. ‘அவசரம் லேது’ என்றால் தேவையில்லை, வேண்டவே வேண்டாம் என்று அர்த்தம். நம் பார்டரில் தமிழ் பேசும்போதும் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். நம் வீட்டில் நைனாகூட, “எனக்கு இன்னொரு தோசை அவசரம் இல்ல” என்று சொல்வார், நீ லீவுக்கு வந்தால் சிரிப்பாய். மறந்துவிட்டாயா?

நான் சும்மா இருந்திருக்கலாம். நீயே தப்பாக எழுதி, வக்கீலே ஒப்புக்கொண்டு, செய்தியே உள்பக்கத்துக்குப் போய்விட்டது. நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். ஒரு நாள் முழுக்க அப்படித்தான் இருந்தேன். ஒரு பக்கம் ஒப்பந்தம், ஒரு பக்கம் உன் ‘க்கு’.

நேற்றுக் காலையில் பஸ் ஏறி பாலசமுத்திரம் போனேன். எனக்குத் தோன்றுவது தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் போனேன். செங்கம்மா கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ஸ்டாம்பு அவசரம் இல்லன்னு சொன்னாரே, அதுக்கு இன்னா அர்த்தம்? அப்பால வாங்கிக்கலாம்னா, வாணவே வாணாம்னா?” என்று கேட்டேன்.

“இன்னா நைனா இப்பிடிக் கேக்குற? வாணாம்னுதான். மொதல்ல தெலுங்குல சொன்னாரு, அவசரம் லேதம்மான்னு. எங்காளு ஒருத்தரு ஏர்போர்ட்ல நிக்கிறாரு, அவரு காட்டுற வரிசைல போனா யாரும் கேக்க மாட்டாங்கோ, கேட்டா ஊரு சுத்திப் பாக்கப் போறன்னு சொல்லுன்னாரு. அப்பால வாங்குறதுன்னா நானு பத்து நாளு இருந்து வாங்கிகினே போயிருக்க மாட்டனா?”

“ஏம்மா நம்பினே?”

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய் பாஸ்போர்ட்டை எடுத்து வந்தாள். அதற்குள் மடித்து வைத்த நம் கடைசிப் பக்கம். “பேப்பர்ல போட்டுக்குதே நைனா. கவுருமெண்டு நம்பரோட போட்டுக்குதே” என்றாள். ‘நம்பிக்கையே எங்கள் முகவரி’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. அந்த வரி நான் எழுதிக் கொடுத்தது. சிட்டிபாபுவுக்கு எழுத வராது, நான்தான் டீக்கடையில் உட்கார்ந்து எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

அவள் சொன்னதைத் திரும்பவும் அவள் வாய்ச்சொல்லிலேயே எழுதி, தெலுங்கு வார்த்தையைத் தெலுங்கிலேயே போட்டு, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். மற்ற இரண்டு பேரிடமும் வாங்கினேன். மூன்றும் இதில் இருக்கிறது. வக்கீலிடம் காட்டு.

சொல்லிவிட்டேன். இனி நீ ஆசிரியர், நீ பார்த்துக்கொள். ஒப்பந்தம் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. உன்மேல் எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவில்லை.

ஏகாம்பரம்

*

சித்தூர்
9-8-97

அன்புள்ள தம்பி,

நாகபூஷணம் உன் மூன்று காகிதங்களையும் இரண்டு தரம் படித்தார். “இப்ப நிக்கும்” என்றார்.

பதினைந்து வருஷம் மெட்ராஸில் மற்றவர்கள் எழுத்தைத் திருத்திச் சம்பளம் வாங்கினேன். அந்தக் கைப்பழக்கத்தில் ஒருத்தி பட்ட பாட்டையே திருத்திவிட்டேன். அவள் சரியாகத்தான் சொன்னாள், எனக்குத்தான் அவள் மொழி தெரியவில்லை. சிரஞ்சீவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். நீ சொல்லாமல் இருந்திருந்தால் பதினொரு பேரும் ஏறிப் போயிருப்பார்கள், நானும் செய்தி போட்டுவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

முடிவு இதுதான். இனி மாறாது.

செய்தி பதினாலாம் தேதி முதல் பக்கம். இருபத்தொன்றாம் தேதி என்றால் அது செய்தி அல்ல, கருமாதிப் பத்திரிகை. தலைப்பு: ‘அனுமதி ஸ்டாம்பு இல்லாமல் குவைத் பயணம்: மூன்று பெண்களின் வாக்குமூலம்’. ஒரு அடைமொழி கிடையாது. செங்கம்மா தன் பெயரைப் போடச் சொல்கிறாள், போடுகிறோம். மற்ற இரண்டு பேர் வேண்டாம் என்கிறார்கள், போடவில்லை. போக இருக்கும் பதினொரு பேரின் பெயரும் ஊரும் வராது, தேதி மட்டும் வரும். அந்தத் தேதியைப் பார்த்தால் அவர்களுக்குத் தெரியும்.

சிட்டிபாபுவின் பதில் இன்று வந்தது, தெலுங்கில். இந்தத் தடவை நான் தொடவில்லை. ஹரிதாவையும் சிரஞ்சீவியையும் தனித்தனியாக மொழிபெயர்க்கச் சொல்லி ஒப்பிட்டேன். பதிவு எண் கூட்டாளி கம்பெனியுடையது, தேவைப்படுகிறவர்களுக்கு ஸ்டாம்பு வாங்கித் தருகிறோம், போட்டிக் கம்பெனிகள் தூண்டிவிடுகின்றன என்கிறார். பதினொரு பேரைப் பற்றிய கேள்விக்குப் பதிலே இல்லை. முழுதும் செய்திக்குப் பக்கத்திலேயே கட்டம் கட்டி வரும்.

அடுத்ததுதான் கஷ்டம். அவர் விளம்பரத்தை விலக்கிக்கொள்வார் என்று நீ பயப்படுகிறாய். விலக்கிக்கொள்ளாவிட்டாலும் நாம் போட முடியாது, ஏகாம்பரம். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே தாளில் ஒரே பிளேட்டில் அச்சாகிறது. முன்பக்கத்தில் எண் பொய் என்று போட்டு, பின்பக்கத்தில் அதே எண்ணைக் கலரில் போட்டால் செங்கம்மா எந்தப் பக்கத்தை நம்புவாள்?

ஒப்பந்தத்தையும் டிசைனையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடிதத்தை நான் எழுதி இதில் வைத்திருக்கிறேன். தபாலில் போடலாம், ஆனால் நேரில் கொடுப்பதுதான் மரியாதை. உன்னைச் சங்கடப்படுத்துகிறேன் என்று தெரியும். முடியாவிட்டால் சொல், நானே பஸ் ஏறி வருகிறேன்.

கடைசிப் பக்கம் காலியாக இருக்கிறது. செவ்வாய் மாலைக்குள் ஏதாவது அனுப்பு. ஒன்றுமில்லாவிட்டால் கொடிப் படம் போட்டு நிரப்பிக்கொள்கிறேன்.

அக்கா

*

திருப்பதி
12-8-97, செவ்வாய்

அக்காவுக்கு,

கொடுத்துவிட்டேன். நானே போனேன்.

சிட்டிபாபு கடிதத்தைப் படித்தார். முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஏம்ப்பா, விளம்பரத்தை நான்தானே நிறுத்துவேன்? பேப்பர்காரன் நிறுத்துறதை எங்கனா பாத்துக்கிறியா?” என்றார். அப்புறம்தான் அவருக்குக் கோபம் வந்தது. “என் துட்டுல துன்னுகினு எனக்கே எழுதுறீங்களா?” என்றார். “ஆமா சார், துன்னோம். அதுக்குத்தான் வந்து சொல்லிட்டுப் போறேன்” என்றேன்.

வீடு திரும்புவதற்குள் நகைக்கடையிலிருந்தும் லாட்ஜிலிருந்தும் ஆள் வந்துவிட்டான், மலரில் எங்கள் விளம்பரம் வேண்டாம் என்று. நான் சொன்ன சுவர் சரிந்துவிட்டது. இருபத்து நான்கு பக்கத்தை இருபதாக்கிக்கொள். மனைவி கல்பனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, அந்த ஸ்வீட் டப்பாவைத் திருப்பிக் குடுத்தியா?” என்று கேட்டாள். தின்றதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

கடைசிப் பக்கத்துக்குக் கொடிப் படம் வேண்டாம். கீழே எழுதியிருப்பதைப் போடு. முழுப் பக்கமும் இதுவே வர வேண்டும், வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, செங்கம்மா கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவில். ஒரு எழுத்தையும் திருத்தாதே. முக்கியமாக எந்த ‘க்கு’வும் சேர்க்காதே.

‘இந்த இடத்தில் இரண்டு வருஷமாக ஆனந்தஜோதி ஓவர்சீஸ் விளம்பரம் போட்டோம். அதில் இருந்த கவர்மெண்ட் நம்பர் அந்தக் கம்பெனியுடையது இல்லை. நாங்கள் அதைச் சரிபார்க்கவில்லை. சரிபார்க்க வேண்டிய ஆள் விளம்பர மேனேஜர் ஏகாம்பரம். இந்த விளம்பரத்தைப் பார்த்து நம்பி யாராவது வெளிநாடு புறப்பட்டிருந்தால், பாஸ்போர்ட்டில் அனுமதி ஸ்டாம்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டாம்பு வேண்டாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஸ்டாம்பு கட்டாயம் வேண்டும். ஸ்டாம்பு அவசரம்.’

கடைசி வார்த்தை எந்த அர்த்தத்தில் என்று கேட்காதே. இரண்டு அர்த்தத்திலும்தான்.

ஏகாம்பரம்

*

சித்தூர்
18-8-97

அன்புள்ள தம்பி,

ஒரு எழுத்தையும் திருத்தவில்லை. உன் பெயரை மட்டும் எடுத்துவிடலாமா என்று யோசித்தேன், பிறகு அதற்குப் பக்கத்தில் ‘ஆசிரியர் பத்மாவதி’ என்று சேர்த்துவிட்டேன். அது திருத்தம் என்றால் திட்டிக்கொள்.

நேற்று சிரஞ்சீவி மீனம்பாக்கத்தில் காலையிலிருந்து நின்றிருக்கிறான். பதினொரு பேரில் நான்கு பேர் வந்தார்கள், ஏறிப் போனார்கள். அவன் ஓடிப் போய்ச் சொல்லியும் கேட்கவில்லையாம். ஏழு பேர் வரவில்லை. அந்த நான்கு பேரின் பெயரையும் அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டேன். ஏழு பேரை நினைத்துக்கொண்டுதான் இன்று ஆபீசுக்கு வந்தேன்.

சிட்டிபாபுவின் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது, மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். நாகபூஷணம் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார். மன்னிப்பு என்ற சொல் அதில் இருக்காது. அடுத்த இதழிலிருந்து மறுபடி பன்னிரண்டு பக்கம், கறுப்பு வெள்ளை. உன் ஆபீசின் முன் அறையைக் காலி செய்துவிடு, பின் அறை போதும். யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. நானும் நீயும் இந்த மாதம் சம்பளம் எடுக்கவில்லை, அவ்வளவுதான். கல்பனாவிடம் நானே பேசுகிறேன்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். இன்று காலையில் நடந்ததுதான் என்னைக் குடைகிறது. போகாத ஏழு பேரில் ஒருத்தி ஆபீசுக்கு வந்தாள், பெயர் உதயா. இருபத்திரண்டு வயது இருக்கும். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

“ஏறக் கூடாதுன்னு பேப்பர்ல போட்டீங்கோ. நானும் ஏறல. எங்க ஊர்ல கூலி இல்லாதங்காட்டிதான நான் போறதுக்கு நின்னேன்? அப்ப யாராண்ட போனா சரியா அனுப்புவாங்கோன்னு ஏன் போடல?” என்று கேட்டாள்.

ஒரு கதவைச் சாத்தினோம், சரிதான். வேறு கதவு எங்கே என்று நாம் சொல்லவில்லை. அவள் கேள்வியில் ஒரு தப்பும் இல்லை.

இருபத்தெட்டாம் தேதி இதழின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பதிலைப் போட வேண்டும். பதிவு பெற்ற கம்பெனிகள் எவை, எண்ணை எங்கே எழுதிக் கேட்பது, ஸ்டாம்பு வாங்க என்ன காகிதம் தேவை, எல்லாம். நீ சென்னை போக வேண்டும்.

அக்கா

*

சென்னை
22-8-97

அக்காவுக்கு,

மூன்று நாளாக குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலக வராந்தாவில்தான் இருக்கிறேன். முதல் நாள் உள்ளே விடவில்லை. இரண்டாம் நாள் நம் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். குமாஸ்தா படித்துவிட்டு, “இதுல ஏகாம்பரம் யாரு?” என்றார். நான்தான் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் பட்டியலைக் கொடுத்தார்.

பட்டியலை வாங்கிக்கொண்டு வந்துவிடவில்லை. ஒவ்வொரு எண்ணையும் அவர்கள் பதிவேட்டோடு நானே ஒத்துப் பார்த்தேன். எந்தப் பதிவு எப்போது முடிகிறது என்பதையும் குறித்துக்கொண்டேன். முப்பத்தொன்றில் நான்கு காலாவதி. அவற்றை அடித்துவிட்டேன், இருபத்தேழு நிற்கிறது. ஸ்டாம்பு வாங்கத் தேவையான காகிதங்களைத் தமிழில் நானும் தெலுங்கில் குமாஸ்தாவும் எழுதியிருக்கிறோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடு. அப்போது யாருக்கும் எந்த வார்த்தையும் குழம்பாது.

போன நான்கு பேரின் பெயரையும் மனுவாக எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கியிருக்கிறேன். அங்கே தூதரகத்துக்கு அனுப்புவதாகச் சொல்கிறார்கள். சொன்னபடி செய்கிறார்களா என்று வாராவாரம் வந்து நிற்பேன், இனி எனக்குத் திருப்பதியில் அவ்வளவு வேலை இல்லையே.

உதயாவிடம் சொல்லிவிடு. இந்த இருபத்தேழு பேரில் எவனாவது ஒருவன் அவளுக்கு ஒழுங்கான ஒப்பந்தம் கொடுத்தால், ஸ்டாம்பு வாங்க நான் அவளோடு வருகிறேன்.

பட்டியல் இந்தக் கவரில் இருக்கிறது. ஏழு வருஷத்தில் கடைசிப் பக்கத்துக்கு இதைவிட நல்ல விளம்பரம் நான் பிடித்ததில்லை. காசுதான் வராது.

உன் தம்பி,
ஏகாம்பரம்